மணலுக்குள் ஒளிந்த இரட்டையர்
அணு எங்கே சுருங்குகிறது, எங்கே விரிகிறது, ஏன்?

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணலை ஒரு பிடி அள்ளிப் பார்த்தால், சாதாரண மணலைவிடக் கை கனக்கும். கறுப்பும் சிவப்புமாகத் தெரியும் அந்த மணலில் இல்மனைட், கார்னெட், மோனசைட் என்று பல கனிமங்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று ஜிர்கான். ஜிர்கோனியம் என்ற உலோகம் இதிலிருந்துதான் கிடைக்கிறது. அணு உலையில் எரிபொருளை அடைத்து வைக்கும் நீண்ட மெல்லிய குழாய்கள் ஜிர்கோனியக் கலவையால் ஆனவை.

ஜிர்கோனியத்துக்கு ஓர் ஒட்டுண்ணி உண்டு. உலகில் எந்தக் கடற்கரையில் ஜிர்கானை அள்ளினாலும், கூடவே ஹாஃப்னியம் என்ற இன்னொரு உலோகமும் வந்து சேரும். நூறு பங்கு ஜிர்கோனியத்துக்குச் சுமார் இரண்டு பங்கு ஹாஃப்னியம். இரண்டையும் பிரிப்பது பெரும்பாடு. ஏனென்றால் இரண்டின் அணுக்களும் அளவில் அச்சு அசலாக ஒன்று.

இங்கேதான் புதிர். தனிம வரிசை அட்டவணையில் ஜிர்கோனியத்துக்கு நேர் கீழே இருப்பது ஹாஃப்னியம். முன்னதில் 40 எலக்ட்ரான்கள், பின்னதில் 72. மேலிருந்து கீழே வரவர அணு பெரிதாகும் என்பது பள்ளிப் பாடம். 32 எலக்ட்ரான்களைக் கூடுதலாகச் சுமக்கும் அணு எப்படி அதே அளவில் நிற்கிறது?

பக்கத்து வீட்டுப் பிள்ளை பதினோராம் வகுப்பு. வேதியியல் புத்தகத்தோடு வந்தவள் இன்னும் அடிப்படையான ஒன்றைக் கேட்டாள். "மாமா, இடமிருந்து வலம் போகப்போக எலக்ட்ரான் கூடிக்கிட்டே போகுதுல்ல? அப்ப அணு பெருசாகத்தானே செய்யணும்? புத்தகத்துல சின்னதாகும்னு போட்டிருக்கே!" நியாயமான கேள்வி. இதற்கு விடை தெரிந்தால் ஹாஃப்னியத்தின் கதையும் அதே கணக்கில் முடிந்துவிடும்.

எதை அளக்கிறோம்?

அணுவுக்கு எலுமிச்சம்பழம் போல ஓரம் கிடையாது. எலக்ட்ரான்கள் கருவைச் சுற்றி மேகம் போலப் பரவி, வெளியே போகப்போக மெலிந்துகொண்டே போகும். அதனால் தனி அணுவை அளக்காமல், பிணைந்திருக்கும் இரண்டு அணுக்களின் கருக்களுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து பாதியாக்குகிறார்கள். குளோரின் மூலக்கூறில் அந்தத் தூரம் 199 பிக்கோமீட்டர். அப்படியானால் குளோரினின் ஆரம் ஏறக்குறைய 100. ஒரு மீட்டரை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் பிக்கோமீட்டர்.

பல சேர்மங்களில் அளந்து சராசரி எடுக்கும்போது இந்த எண் ஓரிரண்டு கூடும், குறையும். உலோகக் கட்டிக்குள் அளந்தால் வேறு எண் வரும். ஆகவே ஒப்பிடும்போது ஒரே அளவுகோலில் எடுத்த எண்களையே பக்கத்தில் வைக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் வரும் ஆரங்கள் எல்லாம் சகப்பிணைப்பு ஆரங்கள்.

அயனியாக்கும் ஆற்றல் இன்னும் நேரானது. வாயு நிலையில் உள்ள தனி அணுவிலிருந்து, மிகத் தளர்வாகப் பிடிபட்டிருக்கும் எலக்ட்ரான் ஒன்றைப் பிய்த்தெடுக்க எவ்வளவு ஆற்றல் தேவை என்பதே அது. சோடியத்துக்கு ஒரு மோலுக்கு, அதாவது 23 கிராமுக்கு, 496 கிலோஜூல். கரு அந்த எலக்ட்ரானை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதற்கான விலைச்சீட்டு இது. இழுவை பலமானால் எலக்ட்ரான் கருவை நெருங்கும், ஆரம் குறையும், பிய்த்தெடுக்கும் விலையும் ஏறும். எனவே இரண்டு போக்குகளுக்கும் காரணம் ஒன்றுதான்: வெளி எலக்ட்ரான் எத்தனை மின்சுமையை உணர்கிறது, எவ்வளவு தூரத்தில் இருந்து உணர்கிறது.

திருவிழாக் கூட்டமும் சோடியம் அணுவும்

தேர்த் திருவிழாவில் சாமி பார்க்க நிற்கிறோம். நமக்கு முன்னால் நிற்பவர்கள் மறைப்பார்கள். நம் தோளோடு தோள் நிற்பவர் பெரிதாக மறைக்க மாட்டார். அணுவிலும் இதுதான் நடக்கிறது. உள் கூட்டில் இருக்கும் எலக்ட்ரான்கள் கருவின் நேர்மின்சுமையை வெளி எலக்ட்ரானிடமிருந்து பெருமளவு மறைத்துவிடும். ஒரே கூட்டில் இருப்பவை ஒன்றையொன்று அரைகுறையாகவே மறைக்கும். மறைத்தது போக மீதமிருப்பதைச் செயலுறு அணுக்கரு மின்சுமை என்கிறார்கள்.

இதைக் கணக்கிட அமெரிக்க இயற்பியலாளர் ஜான் ஸ்லேட்டர் 1930இல் ஓர் எளிய வழி சொன்னார். ஒரே கூட்டில் உடனிருக்கும் எலக்ட்ரான் ஒவ்வொன்றும் 0.35 அளவு மறைக்கும். அதற்கு அடுத்த உள் கூட்டில் இருப்பது 0.85 மறைக்கும். அதற்கும் உள்ளே இருப்பது முழுதாக 1 மறைக்கும். வெளிக்கூட்டின் s, p எலக்ட்ரான்களுக்கு இந்த மூன்று எண்களே போதும்.

சோடியத்தை எடுத்துக்கொள்வோம். கருவில் 11 புரோட்டான்கள். எலக்ட்ரான்கள் உள்ளிருந்து வெளியே 2, 8, 1. வெளியே இருக்கும் ஒற்றை எலக்ட்ரானுக்கு முன்னால் எட்டுப் பேர் 0.85 வீதம் 6.8 மறைக்கிறார்கள், அதற்கும் உள்ளே இருவர் 2 மறைக்கிறார்கள். மொத்தம் 8.8. பதினொன்றில் 8.8 போக, அந்த எலக்ட்ரானுக்குத் தெரிவது வெறும் 2.2.

அதே கிடைவரிசையின் வலக்கோடியில் குளோரின். 17 புரோட்டான்கள்; எலக்ட்ரான்கள் 2, 8, 7. உள்ளே மறைப்பவர்கள் மாறவில்லை, அதே 8.8. வெளிக்கூட்டில் உடனிருக்கும் ஆறு பேர் 0.35 வீதம் 2.1 மறைக்கிறார்கள். மொத்தம் 10.9. பதினேழில் அது போக மீதம் 6.1.

பிள்ளையின் கேள்விக்கு விடை இதுதான். சோடியத்திலிருந்து குளோரினுக்குப் போகையில் ஆறு எலக்ட்ரான்கள் கூடின, உண்மை. ஆனால் அவை எல்லாம் ஒரே கூட்டில் வந்து உட்கார்ந்தன. கூடவே கருவில் ஆறு புரோட்டான்களும் கூடின. வந்த எலக்ட்ரான்கள் மறைத்தது 2.1 மட்டுமே, கூடிய இழுவை 6. கூடு அதேதான், இழுவை மட்டும் ஏறுகிறது. ஆகவே கூடு உள்நோக்கிச் சுருங்குகிறது. சோடியத்தின் ஆரம் 166 பிக்கோமீட்டர், குளோரினுடையது 102. அயனியாக்கும் ஆற்றலோ 496இலிருந்து 1251 கிலோஜூலுக்கு ஏறுகிறது.

கருவின் இழுவை பங்கு வைக்கப்படுவதில்லை

மாணவர்களிடம் அடிக்கடி தென்படும் ஒரு தவறான விளக்கம் உண்டு. கருவின் இழுவை ஒரு குறிப்பிட்ட அளவு, அதை எலக்ட்ரான்கள் பங்கிட்டுக்கொள்கின்றன, ஒன்று போனால் மற்றவற்றுக்குப் பங்கு கூடும் என்பது. இது தவறு. சந்நிதி விளக்கை ஒருவர் பார்த்தாலும் ஆயிரம் பேர் பார்த்தாலும் விளக்கின் வெளிச்சம் தேய்வதில்லை. கருவும் ஒவ்வொரு எலக்ட்ரானையும் தன் முழுச் சுமையோடுதான் இழுக்கிறது. வித்தியாசமெல்லாம் நடுவில் நின்று மறைப்பவர்களால் வருவது.

சோடியத்திலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். முதல் எலக்ட்ரானைப் பிய்க்க 496 கிலோஜூல். இரண்டாவதைப் பிய்க்க 4562. பங்கு பிரிப்பதாக இருந்தால், பதினொன்றில் ஒன்று குறைந்ததற்கு விலை கொஞ்சம்தான் ஏறியிருக்க வேண்டும். ஒன்பது மடங்கு ஏறியிருக்கிறது. இரண்டாவது எலக்ட்ரான் உள் கூட்டைச் சேர்ந்தது. அது கருவுக்கு அருகில் இருக்கிறது, அதற்கு முன்னால் முழுதாக மறைப்பவர்களும் இல்லை. விலை தாவியதற்குக் காரணம் அதுதான்.

'சோடியம் எலக்ட்ரானை இழந்து நிலைத்தன்மை அடைய விரும்புகிறது' என்று எழுதுவதும் வழக்கம். தனியாக விட்டால் சோடியம் அணு எதையும் தானாக இழப்பதில்லை. 496 கிலோஜூல் செலவு செய்தால்தான் அந்த எலக்ட்ரான் கழன்று வரும். உப்பு உருவாகும்போது அந்தச் செலவை ஈடுகட்டுவது, நேர் அயனியும் எதிர் அயனியும் நெருங்கிப் படிகமாக அடுக்கப்படும்போது வெளிவரும் ஆற்றல்.

ஏறும் படியில் இரண்டு சறுக்கல்கள்

மூன்றாம் கிடைவரிசையின் விலைச்சீட்டை முழுதாக வாசித்தால் ஓர் உறுத்தல் வரும். சோடியம் 496, மக்னீசியம் 738, அலுமினியம் 578, சிலிக்கான் 787, பாஸ்பரஸ் 1012, கந்தகம் 1000, குளோரின் 1251, ஆர்கான் 1521. ஏறிக்கொண்டே போக வேண்டியது அலுமினியத்திலும் கந்தகத்திலும் சறுக்குகிறது.

அலுமினியத்தின் கதை எளிது. ஒரே கூட்டுக்குள்ளும் s, p என்று தனித்தனி அறைகள் உண்டு. s எலக்ட்ரான் உள் கூட்டங்களை ஊடுருவிக் கருவின் அருகே போய்வரும். p எலக்ட்ரானால் அவ்வளவு நெருங்க முடியாது. அதற்கு மறைப்பு கூடுதல், பிடிப்பு தளர்வு. மக்னீசியத்தில் பிய்ப்பது s எலக்ட்ரான். அலுமினியத்தில் பிய்ப்பது புதிதாக வந்த p எலக்ட்ரான். கருவில் ஒரு புரோட்டான் கூடியும் அலுமினியத்தில் விலை குறைவது அதனால்தான். ஸ்லேட்டரின் கணக்கு s, p இரண்டையும் ஒன்றாகவே நடத்துகிறது. இந்தச் சறுக்கலை அது காட்டாது. அதன் எல்லை அது.

கந்தகத்தின் சறுக்கலுக்கு வழக்கமாக எழுதும் விடை: 'பாஸ்பரஸில் p அறைகள் பாதி நிரம்பியிருக்கின்றன, பாதி நிரம்பினால் நிலைத்தன்மை அதிகம்.' மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் இது காரணம் அல்ல, காரணத்தின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு. p அறைகள் மூன்று. அலுமினியம், சிலிக்கான், பாஸ்பரஸ் வரை ஆளுக்கொரு அறை. கந்தகத்தில் நான்காவது எலக்ட்ரான், ஏற்கெனவே ஆள் இருக்கும் அறைக்குள் நுழைய வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு எதிர்மின்சுமைகள் இருந்தால் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளல், எலக்ட்ரானைப் பிய்க்க நமக்கு உதவி செய்கிறது.

இதற்குச் சான்று அந்த எண்களிலேயே இருக்கிறது. அலுமினியத்திலிருந்து பாஸ்பரஸ் வரை படிக்கு இருநூற்றுச் சொச்சம் ஏறுகிறது. பாஸ்பரஸ் மட்டும் அசாதாரணமாகத் தூக்கி நின்றிருந்தால், அதைத் தாண்டியதும் குளோரினும் ஆர்கானும் பழைய கோட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. கந்தகம், குளோரின், ஆர்கான் மூன்றுமே பழைய கோட்டுக்குக் கீழே, தங்களுக்குள் ஒழுங்காக ஏறுகின்றன. ஆக, பாஸ்பரஸுக்கு எந்தச் சிறப்பும் இல்லை. இணை சேர வேண்டிய கட்டாயம்தான் அடுத்து வரும் மூன்றையும் ஒரு படி கீழே இறக்கியிருக்கிறது. இரண்டாம் கிடைவரிசையில் நைட்ரஜன் 1402, ஆக்சிஜன் 1314 என்று சறுக்குவதும் இதே காரணத்தால்தான்.

கீழே இறங்கும்போது

இப்போது மேலிருந்து கீழே. சோடியத்துக்குக் கீழே பொட்டாசியம். 19 புரோட்டான்கள், எலக்ட்ரான்கள் 2, 8, 8, 1. வெளி எலக்ட்ரானுக்கு முன்னால் எட்டுப் பேர் 6.8 மறைக்கிறார்கள், அதற்கும் உள்ளே பத்துப் பேர் 10 மறைக்கிறார்கள். பத்தொன்பதில் 16.8 போனால் மீதம் 2.2. சோடியத்துக்கும் இதே 2.2தான்!

'கீழே வரவர மறைப்பு கூடுவதால் நிகர இழுவை குறைகிறது' என்று பலரும் எழுதுவதில் இங்கே ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. மறைப்பு கூடுகிறது, சரி. ஆனால் புரோட்டான்களும் அதே அளவு கூடிவிடுவதால், மறைத்தது போக மீதமிருக்கும் சுமை குறையவில்லை. மாறியது தூரம். வெளி எலக்ட்ரான் மூன்றாம் கூட்டிலிருந்து நான்காம் கூட்டுக்குப் போய்விட்டது. அதே சுமை தொலைவிலிருந்து இழுத்தால் பிடிப்பு தளரும். ஆரம் 166இலிருந்து 203 பிக்கோமீட்டர் ஆகிறது. அயனியாக்கும் ஆற்றல் 496இலிருந்து 419 ஆகிறது. அதற்கும் கீழே ருபீடியம் 403, சீசியம் 376.

இந்தக் கணக்கு சரியா என்று பார்க்க நல்ல இடம் அலுமினியத்துக்குக் கீழே இருக்கும் காலியம். அலுமினியத்தின் ஆரம் 121, காலியத்தினுடையது 122. ஆற்றல் 578, 579. ஒரு கூடு கூடியும் எதுவும் மாறவில்லை! ஏன்? இரண்டுக்கும் நடுவே பத்து d எலக்ட்ரான்களும் அவற்றோடு பத்துப் புரோட்டான்களும் வந்துவிட்டன. அந்த d எலக்ட்ரான்கள் வெளிக்கூட்டுக்கு அடுத்த உள் கூட்டில் நிற்கின்றன; ஆளுக்கு 0.85தான் மறைக்கின்றன. பத்துப் புரோட்டான்களின் இழுவையில் 8.5 மறைந்து, 1.5 கசிந்து வெளியே தெரிகிறது. கணக்கிட்டால் அலுமினியத்துக்கு 3.5, காலியத்துக்கு 5. தூரம் கூடியதைச் சுமை கூடியது ஈடுகட்டிவிட்டது.

மீண்டும் மணலுக்கு

ஹாஃப்னியத்தின் கதையும் இதுவே, இன்னும் பெரிய அளவில். ஜிர்கோனியத்துக்குப் பிறகு, ஹாஃப்னியத்துக்கு வருமுன், லாந்தனைடுகள் என்ற நீண்ட வரிசை குறுக்கே வருகிறது. அங்கே 14 எலக்ட்ரான்கள் f அறைகளில் ஒவ்வொன்றாக நிரம்புகின்றன. f எலக்ட்ரான்கள் கருவின் அருகே போவதில்லை. பல இதழ்களாக விரிந்து பரவியிருக்கும். ஓட்டை விழுந்த தட்டி போல, பின்னால் இருப்பவரை அவை சரியாக மறைப்பதில்லை. 14 புரோட்டான்கள் கூடுகின்றன. மறைப்பு அதற்கு ஈடாகக் கூடவில்லை. எனவே ஒவ்வொரு படியிலும் அணு சிறிது சிறிதாகச் சுருங்குகிறது. இதற்கு லாந்தனைடு குறுக்கம் என்று பெயர். இத்தனை கனமான அணுவில் உள் எலக்ட்ரான்கள் மிக வேகமாக இயங்குவதால் வரும் சார்பியல் விளைவும் இந்தச் சுருக்கத்துக்குக் கொஞ்சம் கைகொடுக்கிறது.

ஹாஃப்னியத்துக்கு ஒரு கூடு கூடியதால் விரிய வேண்டியதும், இந்தச் சுருக்கமும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. ஜிர்கோனியம் 175 பிக்கோமீட்டர், ஹாஃப்னியமும் 175. அயனியாக்கும் ஆற்றல் குறைவதற்குப் பதிலாக 640இலிருந்து 659 ஆகச் சற்று ஏறியே இருக்கிறது. அளவும் வெளி எலக்ட்ரான்களின் அமைப்பும் ஒன்றாக இருந்தால் வேதியியல் குணமும் ஒன்றாகிவிடும். ஒரு படிகத்தில் ஜிர்கோனியம் உட்காரும் இடத்தில் ஹாஃப்னியமும் சிரமமில்லாமல் உட்காரும்.

ஜிர்கோனியம் 1789இல் அறியப்பட்டது. அதற்குள் ஒளிந்திருந்த ஹாஃப்னியம் வெளிப்பட 1923 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கோபன்ஹேகனில் டிர்க் காஸ்டர், ஜார்ஜ் ஹெவெசி இருவரும் அதைப் பிடித்தது எக்ஸ் கதிர் நிறமாலையில். அதுவும் நம் கணக்கோடு பொருந்துகிறது. வேதியியல் வினைகள் வெளி எலக்ட்ரான்களோடு மட்டுமே பேசும். அவற்றுக்கு இரண்டு அணுக்களும் ஒன்றுபோலத் தெரியும். எக்ஸ் கதிர் வருவது கருவை ஒட்டிய எலக்ட்ரான்களிடமிருந்து. அவற்றுக்கு முன்னால் மறைக்க ஆளில்லை. 40க்கும் 72க்கும் உள்ள வித்தியாசம் அங்கே பட்டவர்த்தனமாகத் தெரிந்துவிட்டது.

அணு உலைக்கோ இந்த வித்தியாசம்தான் உயிர்ப் பிரச்சினை. நியூட்ரானுக்கு எலக்ட்ரான் மேகம் ஒரு பொருட்டல்ல. அது நேராகக் கருவோடு மோதும். ஜிர்கோனியத்தின் கரு நியூட்ரானைப் பெரும்பாலும் போக விடும். ஹாஃப்னியத்தின் கரு அதைவிடச் சுமார் 600 மடங்கு விழுங்கும். எரிபொருள் குழாயில் ஹாஃப்னியம் இருந்தால், தொடர்வினைக்கு வேண்டிய நியூட்ரான்களைக் குழாயே தின்றுவிடும். அதனால் பத்து லட்சம் பங்கில் 100 பங்குக்கும் கீழே ஹாஃப்னியத்தைக் குறைத்தாக வேண்டும்.

தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் இருக்கும் ஜிர்கோனிய வளாகம், அணு உலைத் தரத்தில் இந்த உலோகத்தைத் தயாரிக்கும் இடம். ஜிர்கானைக் கரைத்து நைட்ரிக் அமிலக் கரைசலாக்கி, மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் கலந்த டிரைபியூட்டைல் பாஸ்பேட்டோடு சேர்த்துக் கலக்கினால், ஜிர்கோனியம் எண்ணெய்ப் பக்கம் சற்று அதிகமாகச் சாயும். ஹாஃப்னியம் அமிலத்திலேயே தங்கப் பார்க்கும். அந்த மிகச் சிறிய சாய்வைப் பிடித்துக்கொண்டு, கலக்கிப் பிரித்து, மறுபடி கலக்கிப் பிரித்து, பல கட்டங்களில் இரட்டையரை விலக்குகிறார்கள். 14 எலக்ட்ரான்கள் ஒழுங்காக மறைத்திருந்தால், இந்த வேலையில் பெரும்பகுதி தேவைப்பட்டிருக்காது.